கிரிட்டா: வெட்டி எடுத்த ஜாடி, வரைந்த பின்னணியில் ஒட்டாமல் மிதக்கிறது

மாங்காய்_வீடு | சனி, காலை 10:12

வணக்கம். அம்மா வீட்டில் ஊறுகாய் போட்டுத் தெரிந்தவர்களுக்கு விற்கிறார். அதற்கு ஒரு படம் செய்யலாமென்று பாட்டி காலத்துப் பீங்கான் ஜாடியை பால்கனியில் வைத்து போனில் எடுத்தேன். பின்னணியை வெட்டி நீக்கியாச்சு, அது சுத்தமாகவே வந்திருக்கிறது. ஜாடி தோள் வரை பழுப்பு, அதற்குக் கீழே வயிறு முழுக்க சந்தன வெள்ளை. எல்லார் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடக்குமே, அதுதான்.

கிரிட்டாவில் 2000-க்கு 2000 பிக்சல் கேன்வாஸ். ஜாடி மேல் லேயர். அடியில் நானே ஒரு காட்சி வரைந்தேன். மரப்பலகை போட்ட ஜன்னல் திண்டு, பின்னால் திறந்த ஜன்னல், வெளியே வேப்பமரமும் வானமும். முதலில் தட்டை நிறங்களாக அடித்துவிட்டு, மரத்துக்கு `g) Dry Bristles`, இலைக்கு `z) Stamp Leaves` தூரிகையால் மேலே தேய்த்தேன்.

தனித்தனியாகப் பார்த்தால் ரெண்டும் மோசமில்லை. சேர்த்து வைத்தால் ஜாடி சுவரில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி இருக்கிறது. அடியில் நிழல் போட்டும் பார்த்தேன், மிதக்கிற ஜாடிக்குக் கீழே ஒரு கறை படிந்த மாதிரி ஆனதுதான் மிச்சம்.

இன்னொரு சந்தேகம். ஜாடிக்கு மேல் ஒரு லேயர் போட்டு `Inherit Alpha` அமுக்கினால் ஜாடிக்குள் மட்டும் நிறம் விழும் என்றார்கள். எனக்குக் கேன்வாஸ் முழுக்க விழுகிறது. படம் இணைத்திருக்கிறேன்.

---

விக்கி_ஆல்பம் | சனி, காலை 10:40

ரொம்ப யோசிக்காதீங்க. பின்னணி லேயர் எல்லாவற்றையும் ஒன்றாக்கி `Gaussian Blur` 40 வையுங்கள். கேமராவில் பின்னால் மங்கலாகத்தானே விழும். கல்யாண ஆல்பத்தில் தினமும் இதுதான் செய்கிறேன், அஞ்சு நிமிஷ வேலை.

---

பாலா_கோவை | சனி, காலை 11:05

ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிவதைத்தானே கேட்கிறீர்கள்? எனக்கும் வெள்ளி விளக்குப் படத்தில் வந்தது. வெட்டும்போது பழைய பின்னணியின் ஒரு பிக்சல் கூடவே வந்துவிடும். `Ctrl` அமுக்கிக்கொண்டு ஜாடி லேயரின் சின்னப் படத்தை க்ளிக் செய்தால் ஜாடி மட்டும் தேர்வாகும். `Select` மெனுவில் `Shrink Selection`, 1 பிக்சல். தேர்வு இருக்கும்போதே அந்த லேயருக்கு ஒரு `Transparency Mask` சேர்த்தால் வெளி ஓரம் மறைந்துவிடும். எதுவும் அழியாது, வேண்டாமென்றால் மாஸ்க்கைத் தூக்கிவிடலாம்.

---

மாங்காய்_வீடு | சனி, காலை 11:20

பாலா அண்ணா, நான் அதைக் கேட்கவில்லை. ஆனால் பெரிதாக்கிப் பார்த்தேன், வெள்ளைக் கோடும் இருக்கிறது! செய்துவிட்டேன், நன்றி.

விக்கி, மங்கலாக்கினேன். ஸ்டிக்கர் இப்போது பனிமூட்டத்தில் மிதக்கிறது. தேய்த்த தூரிகைத் தடமெல்லாம் போச்சு. ஜாடி நிற்கிற இடத்துப் பலகையும் சேர்ந்து மங்கிவிட்டது.

---

பின்திரை_மாமா | சனி, மதியம் 1:48

படத்தைப் பார்த்தேன். நான் ஸ்டுடியோக்களுக்குத் துணியில் பின்திரை வரைந்து கொடுத்தவன். தூண், படிக்கட்டு, பூந்தொட்டி எல்லாம். ஆள் வந்து நின்றால் ஒட்டிக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் காசு. இப்போது கம்ப்யூட்டரில் வரைகிறேன். தலைவலி அதேதான்.

தூரிகை சரியில்லை, நிழல் சரியில்லை என்று நினைக்கிறீர்கள். அதெல்லாம் பிறகு. நீங்கள் முதலில் ஒரு காட்சியை யோசித்து, அதில் ஜாடியைக் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். ஜாடி ஏற்கெனவே படம் பிடிக்கப்பட்டுவிட்டது. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது, கண் எந்த உயரத்தில் இருந்தது என்பதெல்லாம் அதில் பதிந்து கிடக்கிறது. அதை மாற்ற முடியாது. அதனால் காட்சிதான் ஜாடிக்கு ஏற்ப வளைய வேண்டும்.

முதலில் வெளிச்சம். ஜாடியின் இடது தோளில் வெள்ளையாகச் சதுரமாக ஒரு பளபளப்பு இருக்கிறதே, நடுவில் கம்பி கூடத் தெரிகிறது. அது உங்கள் பால்கனி கிரில். வெளிச்சம் இடது பக்கம், கொஞ்சம் முன்னாலிருந்து வந்திருக்கிறது. வலது வயிறு நிழலில் இருக்கிறது. நீங்களோ ஜன்னலை ஜாடிக்குப் பின்னால் வரைந்திருக்கிறீர்கள். பின்னால் அவ்வளவு பிரகாசமான வானம் இருந்தால் ஜாடியின் முன்பக்கம் இருட்டடித்துப் போயிருக்கும், ஓரத்தில் மட்டும் ஒளிக்கோடு விழுந்திருக்கும். பார்க்கிறவருக்கு இதைச் சொல்லத் தெரியாது, ஆனால் கண் ஏற்காது.

அடுத்து திண்டு. ஜாடியின் அடிப்பாகத்தைப் பாருங்கள். பக்கவாட்டுக் கோடுகள் முடிகிற இடத்திலிருந்து நடுவில் எவ்வளவு கீழே தொங்குகிறது? அளந்தேன், 60 பிக்சல். அடி அகலம் 480. முன்பாதி மட்டும் 60 என்றால் முழு வட்டமும் தெரிந்திருந்தால் உயரம் 120. அதாவது அந்த இடத்தில் தரையில் ஒரு ஜாடி அகலம் பின்னால் போனால் படத்தில் 120 பிக்சல்தான் மேலே ஏற வேண்டும். உங்கள் திண்டின் பின்விளிம்பு ஜாடி அடியிலிருந்து 720 பிக்சல் மேலே இருக்கிறது. கணக்குப் போடுங்கள், ஆறு ஜாடி ஆழம். பின்னால் போகப் போகச் சுருங்கும் என்பதால் உண்மையில் அதற்கும் மேலே. ஜாடியின் அடி சுமார் 12 செ.மீ. இருக்குமா? அப்படியானால் உங்கள் ஜன்னல் திண்டில் ஒரு ஆள் கைகாலை மடக்கிப் படுக்கலாம். அதனால்தான் பலகை படுத்திருக்காமல் சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது.

இதே இடத்தில் இன்னொரு விபத்தும் நடந்திருக்கிறது. திண்டின் பின்விளிம்பு, ஜாடியின் பழுப்பும் வெள்ளையும் சேருகிற கோட்டுக்கு நேராகப் போய் முட்டுகிறது. ரெண்டு கோடும் ஒன்றாகிவிட்டால் எது முன்னே எது பின்னே என்று கண்ணுக்குத் தெரியாது.

---

மாங்காய்_வீடு | சனி, மதியம் 2:15

ஐயோ. ஜாடி அடி 12 செ.மீ.யேதான், ஸ்கேல் வைத்துப் பார்த்தேன்.

ஆனால் வேப்பமரத்துக்கு மூணு மணி நேரம் ஆச்சு மாமா. ஜாடியை இடம் வலமாகத் திருப்பிப் போட்டால் சரியாகாதா?

---

விக்கி_ஆல்பம் | சனி, மதியம் 2:22

அதைத்தான் சொல்ல வந்தேன், `Mirror` போட்டால் வேலை முடிந்தது.

---

பின்திரை_மாமா | சனி, மாலை 4:30

திருப்பினால் வெளிச்சம் வலமிருந்து வரும், அவ்வளவுதான். முன்பக்க வெளிச்சம் முன்பக்கமாகவேதான் இருக்கும். நாளைக்கு ஜாடியில் பேர் எழுதிய சீட்டு ஒட்டிப் படம் எடுத்தால் எழுத்தும் இடம் வலமாகத் திரும்பிவிடும்.

மரத்தை வேறு படத்துக்கு எடுத்து வையுங்கள். நான் சொல்கிற காட்சி இன்னும் சுலபம். ஜன்னலைப் படத்துக்கு வெளியே, இடது பக்கம் தள்ளிவிடுங்கள். ஜாடிக்குப் பின்னால் வெறும் சுவர். நீலம் கலந்து சுண்ணாம்பு அடித்த பழைய சமையலறைச் சுவர். ஜாடி நிற்பது கடப்பா கல் அலமாரியில். ரெண்டே நிறக்கட்டு. ஜன்னல் வேண்டுமென்றால் அதன் வெளிச்சம் சுவரில் விழுவதை வரையுங்கள், போதும்.

கல்லின் ஆழம் ஒரு அடி என்று வைத்தால், ஜாடி நடுவில் நிற்கும்போது அதன் மையத்துக்குப் பின்னால் 15 செ.மீ. சொச்சம். ஒன்றேகால் ஜாடி அகலம். 120-ஐ வைத்துப் பெருக்கினால் 150 வரும். ஆக, ஜாடி அடியின் மையத்திலிருந்து சுமார் 150 பிக்சல் மேலே கல்லின் பின்விளிம்பு. அது வயிற்றின் கீழ்ப்பகுதிக்குப் பின்னால் போய் மறையும், பழுப்புக் கோட்டுக்குப் பக்கத்தில்கூட வராது.

இனி நிறக்கட்டு. இங்கே நிறத்தைவிட வெளுப்பும் கறுப்பும்தான் முக்கியம். எல்லா லேயருக்கும் மேலே ஒரு `Filter Layer` போட்டு `Desaturate` தேர்ந்தெடுங்கள். அதில் `Luminosity` என்று தொடங்குகிற முறையை எடுங்கள். சும்மா `Lightness` என்பதில் பளிச்சென்ற மஞ்சளும் பளிச்சென்ற நீலமும் ஒரே சாம்பலாக வந்து ஏமாற்றும். அந்த லேயரின் கண்ணைத் திறந்து மூடி அடிக்கடி பாருங்கள்.

உங்கள் ஜாடியைச் சாம்பலாக்கினேன். கறுப்பு 0, வெள்ளை 100 என்று வைத்தால் வெளிச்சம் விழுந்த இடது வயிறு 85, நிழலில் இருக்கிற வலது வயிறு 50, பழுப்புத் தோள் 25. அதனால் சுவர் இடது பக்கம் கொஞ்சம் இருட்டாக, 55 வாக்கில் இருக்கட்டும். வலது பக்கம் வெளிச்சம் விழுந்து 70-க்கு ஏறட்டும். இடது வயிறு இருட்டின் மேல் வெளுப்பாகத் தெரியும், வலது வயிறு வெளுப்பின் மேல் இருட்டாகத் தெரியும். பழுப்புத் தோள் ரெண்டு பக்கமும் சுவரைவிடக் கறுப்பு, அதைப் பற்றிக் கவலையில்லை. கல்லுக்கு 30. நான் போட்டுப் பார்த்த நிறங்கள்: சுவர் இடது `#7F9694`, சுவர் வலது `#A9BDB6`, கல் `#4A4E55`. அப்படியே எடுக்க வேண்டாம், உங்கள் ஜாடியில் வைத்துப் பாருங்கள்.

ஒரு வார்த்தை. நிறம் அடிக்கும்போது ஜாடியைச் சுற்றி ஜாக்கிரதையாக ஓட்டாதீர்கள். ஜாடி இல்லாத மாதிரி அதன் அடியிலும் இழுத்துக்கொண்டு போங்கள். ஓரத்தில் சுற்றிச் சுற்றி அடித்தால் தூரிகைத் தடம் ஜாடிக்கு ஒரு வளையம் கட்டிவிடும். உங்கள் முதல் படத்தில் வானத்தில் அது தெரிகிறது.

---

சுண்டெலி | சனி, மாலை 5:02

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். என்னிடம் டேப்லட் பேனா இல்லை, மவுஸ்தான். மாமா மாதிரி ஆட்கள் சொல்கிற Dry தூரிகை எதை எடுத்தாலும் எனக்குத் தார் ஊற்றின மாதிரி மொத்தையாக விழுகிறது. மவுஸில் இதெல்லாம் நடக்காதா?

---

பின்திரை_மாமா | சனி, மாலை 5:40

நடக்கும். அந்தத் தூரிகைகள் பேனாவின் அழுத்தத்தை எதிர்பார்க்கிறவை. மவுஸுக்கு அழுத்தம் கிடையாது, எப்போதும் முழு அழுத்தம் என்றே எடுத்துக்கொள்ளும். `F5` அமுக்கித் தூரிகை அமைப்பைத் திறந்து, `Opacity`-யில் `Pressure` டிக்கை எடுத்துவிட்டு `Fuzzy Dab` போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முத்திரையும் தன்பாட்டில் கூடக்குறைய விழும். மேலே ஒட்டுமொத்த `Opacity`-யையும் 30-க்கு இறக்குங்கள். சுவருக்கு அது தாராளமாகப் போதும். மெல்லிய கோட்டுக்குப் போதாது, அதற்குத் தூரிகை அளவை `[` `]` விசையால் மாற்றி மாற்றித்தான் ஓட்ட வேண்டும்.

---

மாங்காய்_வீடு | ஞாயிறு, காலை 9:30

இரண்டாவது படம் போட்டிருக்கிறேன். கல்லும் சுவரும் மட்டும். தட்டை நிறமாக இருந்தபோதே ஜாடி உட்கார்ந்துவிட்டது! நானே நம்பவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அப்புறம் சுவரில் தேய்த்தேன். `h) Chalk Grainy` பெரிதாக வைத்து, மேலே `y) Texture Crackles`. அதோடு கெட்டுப்போச்சு. சுவர் முன்னால் வருகிறது, ஜாடி பின்னால் போகிறது. சுவரின் சொரசொரப்பும் கல்லின் சொரசொரப்பும் ஒரே மாதிரி வேறு இருக்கின்றன.

---

பின்திரை_மாமா | ஞாயிறு, காலை 11:15

தட்டை நிறத்தில் உட்கார்ந்தது என்றால் எலும்பு சரி. இனிமேல் தேய்ப்பதெல்லாம் தோல்தான்.

ரெண்டு தப்பு. முதலாவது, நீங்கள் தேய்த்த நிறம் அடி நிறத்திலிருந்து ரொம்பத் தள்ளிப் போய்விட்டது. சுவர் 60 வாக்கில் இருக்கும்போது 85-ஐயும் 30-ஐயும் போட்டுத் தேய்த்திருக்கிறீர்கள். படத்தில் அந்த ரெண்டு எண்ணும் ஜாடிக்கும் கல்லுக்கும் சொந்தம், சுவருக்குக் கொடுக்கக் கூடாது. சுவரின் நிறத்தை `Ctrl` அமுக்கித் தொட்டு எடுங்கள். `L` ஒரு தடவை தட்டினால் கொஞ்சம் வெளுக்கும், `K` தட்டினால் கொஞ்சம் கறுக்கும். ஒரு தட்டு, மிஞ்சினால் ரெண்டு தட்டு. அந்த நிறத்தில் தேய்த்தால் சொரசொரப்பு கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும். அதுதான் வேண்டும். விரிசல் தூரிகை ரொம்ப ஆசையாக இருந்தால் ஒரு மூலையில் ஒரே ஒரு முத்திரை, ஜாடியிலிருந்து தள்ளி.

இரண்டாவது, சொரசொரப்பின் அளவு. இது பல பேருக்குத் தெரியாமல் போகிற இடம். கிரிட்டாவில் சொரசொரப்பு ரெண்டு வழியில் வரும். ஒன்று, தூரிகையின் முனையே பிசிறுபிசிறாக இருப்பது. தூரிகையைப் பெரிதாக்கினால் பிசிறும் பெரிதாகும். இன்னொன்று, `F5`-இல் `Pattern` என்ற இடத்தில் போட்டிருக்கிற தாள் மாதிரி. அது கேன்வாஸில் விரித்த தாள் போல ஒரே அளவில் இருக்கும். தூரிகை 50 ஆனாலும் 500 ஆனாலும் மணல் அதே மணல்தான். அதே மாதிரியைக் கொண்ட தூரிகையால் சுவரையும் தேய்த்து முன்னால் இருக்கிற கல்லையும் தேய்த்தால், ரெண்டும் ஒரே தாளில் அச்சடித்த மாதிரி ஒரே தூரத்துக்கு வந்துவிடும். நீங்கள் சொன்ன "ஒரே மாதிரி" இதனால்தான் இருக்கும். எடுத்த தூரிகையில் `Pattern` டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சுவருக்கு `Scale` குறைத்து, கல்லின் முன்பக்கத்துக்குக் கூட்டுங்கள். மாற்றின தூரிகையை வேறு பேரில் சேமியுங்கள், இல்லையென்றால் நாளைக்கு எங்கே எதை மாற்றினோம் என்று தேடுவீர்கள்.

இதையெல்லாம் 100 சதவீதத்தில் பாருங்கள், விசை `1`. படத்தைச் சின்னதாக்கி வைத்துப் பார்த்தால் மணல் நசுங்கி இல்லாத கோடெல்லாம் காட்டும்.

கல்லுக்கு `g) Dry Bristles` சரியான தேர்வுதான். கல் லேயரின் சதுரக்கட்டம் போட்ட சின்னத்தை அமுக்கி ஆல்ஃபாவைப் பூட்டிவிடுங்கள், கோட்டுக்கு வெளியே வழியாது. இடமிருந்து வலமாகப் படுக்கையாக மட்டும் இழுங்கள். கண் பார்க்கிற உயரத்தில் கல்லின் மேற்பரப்பு ஒடுங்கித் தெரிகிறது, மேலும் கீழுமாக இழுத்தால் திரும்ப எழுந்து நின்றுகொள்ளும். எல்லாம் முடிந்ததும் பூட்டைத் திறந்து, பின்விளிம்பை ஜாடியிலிருந்து தள்ளி ஒன்றிரண்டு இடத்தில் `k) Blender Blur` கொண்டு லேசாக உடையுங்கள். விக்கி தம்பி சொன்ன மங்கல் இங்கேதான் வேண்டும். மொத்தமாக இல்லை.

---

விக்கி_ஆல்பம் | ஞாயிறு, மதியம் 12:01

பாதி மார்க் போட்டதற்கு நன்றி மாமா 😄

---

மாங்காய்_வீடு | ஞாயிறு, மதியம் 12:20

`Inherit Alpha` கேள்வியை எல்லாரும் மறந்துட்டீங்க!

---

பாலா_கோவை | ஞாயிறு, மதியம் 12:48

அது எனக்குத் தெரியும். அந்த லேயர் நேர் கீழே இருக்கிற ஒன்றை மட்டும் பார்க்காது. அதே குழுவுக்குள் அடியில் இருக்கிற எல்லா லேயரையும் சேர்த்துப் பார்க்கும். உங்களுக்கு அடியில் சுவர் கேன்வாஸ் முழுக்க இருக்கிறது, அதனால் முழுக்க விழுகிறது. ஜாடி லேயரையும் மேல் லேயரையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து `Ctrl+G` அடித்துக் குழுவாக்குங்கள். குழுவுக்குள் ஜாடி மட்டும் இருந்தால் ஜாடிக்குள் மட்டும் விழும். நான் விளக்குப் படத்தில் இதிலேயே ரெண்டு நாள் விட்டேன்.

---

பின்திரை_மாமா | ஞாயிறு, மதியம் 2:10

பாலா சொன்னது சரி. அந்த லேயர் எதற்கென்று நான் சொல்கிறேன்.

ஜாடி கடப்பா கல்லில் நிற்கிறது என்றால் அதன் அடிவயிற்றில் கல்லின் இருட்டு ஏறியிருக்க வேண்டும். உங்கள் போட்டோவில் அடிவயிறு மஞ்சளடிக்கிறது, பால்கனித் தரை டைல்ஸ் நிறம் போல. குழுவுக்குள் அந்த லேயரை `Multiply` ஆக்கி, கல்லின் நிறத்தையே கொஞ்சம் வெளுத்து எடுத்து, மென்மையான பெரிய தூரிகையால் அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்கு ஏற்றுங்கள். வலது பக்கம் சுவரின் நீலப்பச்சை ஒரு துளி. அதிகமானால் ஜாடிக்கு அடிபட்டுக் கன்றிப்போன மாதிரி ஆகும், 25 சதவீத `Opacity`-யில் தொடங்குங்கள்.

பிறகு நிழல். நீங்கள் போட்டது ஒரே நிழல், அதுவும் கறுப்பில். ரெண்டு வேண்டும். ஜாடி கல்லைத் தொடுகிற இடத்தில் 8, 10 பிக்சலுக்கு மிஞ்சாமல் ஒரு கெட்டிக் கோடு. அடியின் வளைவை அப்படியே பின்தொடர்ந்து, இடது பக்கம் மெலிந்து வலது பக்கம் தடிக்க வேண்டும். ஜாடிக்கு எடை கொடுப்பது இந்தக் கோடுதான். இன்னொன்று விழுகிற நிழல். வெளிச்சம் இடது முன்னாலிருந்து வருவதால் இது வலதாகவும் பின்னாலும் சாயும். 15 செ.மீ. பின்னால் சுவர் இருக்கிறதல்லவா, அங்கே நிழல் ஒடிந்து சுவரில் மேலே ஏறும். ஜாடிக்குப் பக்கத்தில் ஓரம் தெளிவாக இருக்கட்டும், தள்ளிப் போகப் போகக் கரையட்டும். சுவரில் ஏறின பகுதி சுவர் நிறத்தின் இருட்டாக இருக்க வேண்டும், கல் நிறமாக இருக்கக் கூடாது. கறுப்பைத் தொடவே வேண்டாம்.

---

சுண்டெலி | ஞாயிறு, மாலை 6:25

மாமா, `Fuzzy Dab` வேலை செய்கிறது. சுவர் சுவராக வருகிறது. ஆனால் லேயர் கூடக் கூட என் பழைய லேப்டாப் திணறுகிறது. 4000-க்கு 4000-இல் வரைகிறேன்.

---

பாலா_கோவை | ஞாயிறு, மாலை 7:10

போனில் பார்க்கிற படத்துக்கு எதற்கு அவ்வளவு? 8 பிட்டில் ஒரு பிக்சலுக்கு 4 பைட். 4000-க்கு 4000 முழுக்க நிரம்பிய ஒரு லேயர் 64 எம்பி. 2000-க்கு 2000 என்றால் 16. வரைந்த இடத்துக்குத்தான் நினைவகம் செலவாகும், சும்மா காலியாகக் கிடக்கிற லேயர் பெரிதாக எடுக்காது. சுவர் மாதிரி முழுக்க நிரம்புகிற லேயர்களை முடிந்தவுடன் ஒன்றாக்கிவிடுங்கள்.

---

மாங்காய்_வீடு | திங்கள், இரவு 9:05

மூன்றாவது படம். தொடு நிழல் போட்ட நிமிஷத்தில் ஜாடி "தொம்" என்று கீழே இறங்கின மாதிரி இருந்தது. சுவரில் நிழல் ஒடிவதும் வந்துவிட்டது. விரிசல் ஒன்றே ஒன்று, மேல் வலது மூலையில். ஆசைக்கு.

ஒரே ஒரு உறுத்தல். பின்னணி வரைந்த மாதிரி இருக்கிறது, ஜாடி போட்டோ மாதிரி இருக்கிறது. இரண்டும் ஒரே உலகம் இல்லை என்று கிட்டத்தில் பார்த்தால் தெரிகிறது. `Filter` மெனுவில் `Artistic`, அதில் `Oilpaint` ஜாடிக்குப் போடலாமா?

---

பின்திரை_மாமா | திங்கள், இரவு 10:20

அந்த ஃபில்டர் எல்லா இடத்தையும் ஒரே மாதிரி கடைந்துவிடும். பளபளப்பின் கூர்மை போய்விடும், பீங்கான் மண்பாண்டம் ஆகிவிடும். அதற்குப் பதில் குழுவுக்குள் `Inherit Alpha` போட்ட இன்னொரு சாதா லேயர் எடுத்து, கல்லில் தேய்த்த அதே தூரிகையால், ஜாடியிலிருந்தே நிறம் தொட்டு, நிழல் பக்கம் மட்டும் பத்துப் பன்னிரண்டு இழுப்பு இழுங்கள். வெளிச்சப் பக்கத்தை விட்டுவிடுங்கள். கண் ஒரு இடத்தில் தூரிகைத் தடத்தைப் பார்த்துவிட்டால் மீதியையும் வரைந்தது என்றே எடுத்துக்கொள்ளும். தோளில் தெரிகிற கிரில் கம்பியையும் மூடிவிடுங்கள்.

---

விக்கி_ஆல்பம் | திங்கள், இரவு 10:41

இதில் மாமாவோடு ஒத்துப்போக மாட்டேன். இது விற்பனைக்குப் போகிற படம். வாங்குகிறவர் பார்க்க வேண்டியது நிஜ ஜாடி. ஓவியமாக்கினால் "இது படம்தானே" என்று தாண்டிப் போய்விடுவார். போட்டோ போட்டோவாகவே தெரியட்டும், பின்னணி ஓவியமாகவே தெரியட்டும். அதுவும் ஒரு பாணிதான். கிரில் கம்பியும் இருக்கட்டும், வீட்டில் எடுத்தது என்று தெரியும்.

---

பின்திரை_மாமா | திங்கள், இரவு 10:58

கடப்பா கல் வைத்த சமையலறையில் பால்கனி கிரில் எங்கிருந்து வந்தது தம்பி?

---

விக்கி_ஆல்பம் | திங்கள், இரவு 11:03

சமையலறை ஜன்னலுக்குக் கம்பி இருக்காதா மாமா?

---

சுண்டெலி | திங்கள், இரவு 11:10

எனக்கு விக்கி சொல்வது பிடித்திருக்கிறது. ஆனால் மாமா சொன்ன மாதிரி நிழல் பக்கம் தேய்த்துப் பார்த்தேன், அதுவும் நன்றாக இருக்கிறது. ரெண்டு பேரும் பாவம்.

---

மாங்காய்_வீடு | செவ்வாய், காலை 8:15

ரெண்டு விதமாகவும் செய்து அம்மாவிடம் காட்டினேன். எது நன்றாக இருக்கிறது என்று கேட்டால், ரெண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "ஊறுகாய் ஜாடின்னு சொல்றே, வேடு கட்டாம இருக்கு? காத்து பட்டா பூஞ்சை பிடிக்காதா?" என்றார்.

இனி மூடிக்கு மேலே வெள்ளைத் துணியும் கயிறும் வரைய வேண்டும். துணி மடிப்புக்கு எந்தத் தூரிகை மாமா?

---

பின்திரை_மாமா | செவ்வாய், காலை 8:50

வரைய வேண்டாம் அம்மா. நிஜமாகவே வேடு கட்டி, அதே பால்கனியில், அதே நேரத்துக்கு, அதே உயரத்தில் போனைப் பிடித்து இன்னொரு படம் எடுங்கள். ஜாடியின் அடி திரும்ப 480-க்கு 60 வந்தால் அப்படியே பழைய ஜாடியின் இடத்தில் வைத்துவிடலாம், கல்லையும் சுவரையும் தொட வேண்டியதில்லை. வராவிட்டால் போனைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி இன்னொரு தடவை எடுங்கள்.